ஆயிரத்துக்கு முப்பத்தொன்று

யோசெப்பின் என்ற பெயர் அருந்ததியின் காதில் முதன்முதல் விழுந்தபோது வசவோடுதான் விழுந்தது. மார்ச் மாதத்து ஒரு திங்கட்கிழமை. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் பார்த்த அந்த ஆய்வுகூடத்தின் மூன்றாம் மாடியில் அவள் தேநீரை வாயில் வைக்கப்போன நேரம் தொலைபேசி அடித்தது. பேசியது பிரியந்தன்.

"மச்சாள், உந்த யோசெப்பின் ஆர்?"

"எந்த யோசெப்பின்?"

"கொட்டாஞ்சேனை நிலையத்தில போன மாசம் சேர்ந்த பெட்டை. ரத்தம் எடுக்கிறவள். வந்து ஒரு மாசத்தில என்ர ரிப்போட்டை நாறடிச்சுப் போட்டாள். ஆயிரத்துக்கு ஆறு எண்டு போய்க்கொண்டிருந்தது, இப்ப முப்பத்தொண்டு. தலைமையகம் என்னைக் கேக்குது. அவளை அங்கையிருந்து தூக்கி உம்மட கவுண்டரில போடுறன். கண்ணுக்கு முன்னால வைச்சிரும்."

ஆறு என்ற அந்தச் சொல்தான் அருந்ததியின் தேநீரை ஆறவைத்தது.

பிரியந்தன் அவளுக்கு வேற்றாள் கிடையாது. தகப்பனுடன் கூடப்பிறந்த புவனேஸ்வரி மாமியின் மூத்த மகன். சுன்னாகத்து வளவில் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு, கலவர காலத்தில் கொழும்புக்கு வந்து ஹம்டன் ஒழுங்கையில் அடுத்தடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்த குடும்பங்கள். இப்போது அவன் அந்த ஆய்வுகூடக் கம்பனிக்குச் செயற்பாட்டுத் தலைவன். இவள் தர முகாமையாளர். முறைக்கு மச்சானும் மச்சாளும். வேலைக்கு மேலாளும் கீழாளும்.

அந்தக் கதிரையில் அவன் எப்படி ஏறினான் என்பதை அருந்ததி மறக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னர், இரத்தம் கொடுத்தவர் கைக்கு முடிவு போய்ச் சேர இருபத்தாறு மணித்தியாலம் எடுத்தது. அதை ஒன்பது மணித்தியாலமாக்கியவள் அருந்ததி. எட்டு மாதம் நின்று, எந்த மேசையில் இரத்த மாதிரி தேங்குகிறது என்று ஒவ்வொரு மணித்தியாலமும் எழுதி வைத்து ஆக்கினாள். அந்த வருடம் கம்பனி விருதுக்கு அவளைப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதியவன் பிரியந்தன். கடிதம் ஒரு பக்கம். "அர்ப்பணிப்பு மிக்கவர், எந்நேரமும் புன்னகையோடு இருப்பவர், குழுவுக்கு ஒரு சகோதரி போன்றவர்." ஒரு இலக்கம் இல்லை. விருதுக்குழு அதைப் புரட்டி ஓரமாய் வைத்துவிட்டது. அதே மாதம் தன் பதவி உயர்வு விண்ணப்பத்தில் அவன் எழுதிக் கொடுத்த முதல் வரி: "இருபத்தாறு மணித்தியாலத்தை ஒன்பதாகக் குறைத்தேன்."

அது போகட்டும் என்று விட்டிருப்பாள். விடவிடவில்லை புவனேஸ்வரி மாமி. பிரியந்தனின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில், சபை நிறைந்திருக்க, அருந்ததியின் தட்டில் வடையை வைத்துக்கொண்டே மாமி சொன்னாள்: "என்ர பிள்ளை இருபத்தாறை ஒன்பதாக்கினவன். நீயும் அவனுக்குக் கீழதானே பிள்ளை, பார்த்துப் பழகு." அருந்ததி அந்த வடையைத் தின்றாள். தின்று முடித்துக் கை கழுவும்போது மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டாள். ஆறுதல் பரிசாய்க் கம்பனி கொடுத்த "சிறந்த ஒத்துழைப்பு" என்று எழுதிய மரச்சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், சமையலறையில் சுடுசட்டி இறக்கி வைக்கப் பாவித்தாள். ஆறு வருடமாய் அதில் சொதிச் சட்டியின் வட்டம் கறுத்துக் கிடக்கிறது.

அப்படிப்பட்டவளிடம்தான் அவன் "ஆறு" என்று சொன்னான்.

விஷயம் இதுதான். இரத்தம் எடுக்கும் நிலையங்கள் கொட்டாஞ்சேனை, ஹெவ்லொக் டவுன் என்று பல இடத்தில். எடுத்த டியூப்கள் எல்லாம் வெள்ளவத்தைப் பிரதான கூடத்துக்கு வரும். வந்ததில் பழுதானவற்றை, இரத்த அணு உடைந்து சிவந்தவை, உறையக்கூடாமல் கட்டிபட்டவை, பெயர் இல்லாதவை என்று பிரித்து ஏற்கமாட்டோம் என்று ஒரு பெரிய தடித்த புத்தகத்தில் பதிவார்கள். நிராகரிப்புப் பதிவேடு. அது வெள்ளவத்தையில் கிடக்கும். பழுதான டியூப் ஒவ்வொன்றுக்கும் அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தரம் ஊசி குத்தவேண்டும். அப்படி எத்தனை பேரைக் கூப்பிட்டோம் என்ற கணக்கை மட்டும் நிலையங்களே எழுதி நேரே பிரியந்தனுக்கு அனுப்பும்; அவன் தலைமையகத்துக்கு அனுப்புவான். அருந்ததியின் கண்ணில் அது ஒருநாளும் பட்டதில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் பதிவேட்டைத் திறந்தாள். கொட்டாஞ்சேனை, ஜனவரி: ஆயிரம் டியூப்பில் முப்பது பழுது. பெப்ரவரி: முப்பத்திரண்டு. போன வருடமும் அதேதான். ஆறு எங்கிருந்து வந்தது?

மறுநாள் யோசெப்பின் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். ஒல்லி. கழுத்தில் சின்னச் சிலுவை. கொட்டாஞ்சேனையில் லூசியாஸ் கோயிலுக்குப் பின்பக்க ஒழுங்கையில் பிறந்தவள். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், இறந்துவிட்டார். தாய் சிறுநீரக வருத்தக்காரி. மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்கவேண்டும்.

"இருங்கோ," என்றாள் அருந்ததி. "என்ன செய்தனீங்கள் அங்க?"

"ஒண்டும் செய்யல்ல மிஸ். திரும்பக் கூப்பிட்ட ஆளத் திரும்பக் கூப்பிட்டம் எண்டு எழுதினன்."

"அதுக்கு முதல் எப்பிடி எழுதினவையாம்?"

"புது வருகை எண்டு. புதுசா ஒரு நம்பர் குடுத்து, இண்டைக்குத்தான் முதல்ல வந்த மாதிரி. மேலிடத்து ஓடராம், வாயால சொன்னது. நான் மாட்டன் எண்டன்."

"ஏன் மாட்டன் எண்டீங்கள்? வேலைக்கு வந்து ஒரு மாசம்."

யோசெப்பின் தன் முழங்கையின் உட்பக்கத்தை இன்னொரு கையால் மூடிக்கொண்டாள். "எங்கம்மா அந்த நிலையத்துக்குத்தான் போறவ மிஸ். ஒரு டெஸ்ட்டுக்கு மூணு தரம் கை நீட்டி இருக்கிறா. ஒவ்வொரு தரமும் டொக்டர் கேக்கிறார் எண்டு பொய். அம்மாட கை நீலம் பாரிச்சுப் போய் சேலைத் தலைப்பால மூடிக்கொண்டு வருவா. நான் அந்த இடத்திலயே வேலைக்கு எழுதிப் போட்டது சும்மாவா?"

அருந்ததி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தன்னைப் போல ஒருத்தி என்று அந்த நிமிடத்தில் தெரிந்துகொண்டாள். பகையை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, இஸ்திரி போட்டு, நல்ல நாளுக்கு எடுத்து உடுக்கிறவள்.

தலைமையகத்துக்கு அன்றைக்கே ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இப்போது எழுதினால் 'எழுத்துப் பிழை' என்று பிரியந்தன் ஒரு மன்னிப்போடு தப்பிவிடுவான். மரம் பழுக்கட்டும் என்று இருந்தாள். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு ஒருத்தி கணக்குக் கேட்பாள்.

யோசெப்பினை இரத்த மாதிரிகள் வந்து சேரும் மேசையில் இருத்தினாள். யோசெப்பின் இருந்த இடத்தில் சும்மா இருக்கிற பிறவி கிடையாது. ஜனா என்ற மோட்டார் சைக்கிள்காரன் தினமும் ஒன்பதரைக்குக் கொட்டாஞ்சேனையில் பெட்டியை ஏற்றி, நெரிசலுக்குள்ளால் பத்தரைக்கு வெள்ளவத்தை வருவான். பெட்டியைத் திறந்ததும் எந்த டியூப் எங்கே கிடந்தது என்று பார்க்கத் தொடங்கினாள். அடியில் ஐஸ் பொதிமேல் படுத்துக் கிடந்தவற்றின் மூடியில் நீலப் புள்ளி வைத்தாள். மேலே இருந்தவற்றில் ஒன்றும் இல்லை. ஜூன் மாதத்து மூன்று கிழமையில் பழுதான முப்பத்தெட்டில் முப்பத்துமூன்று நீலப் புள்ளி.

"மிஸ், ஐஸில படுத்தது எல்லாம் உடைஞ்சு வருது."

"எல்லா நிலையத்திலயும் அதே ஐஸ் பொதிதானே?"

"அதான் விளங்கல்ல."

விளங்கப்படுத்தியவர் பௌஸி. கொட்டாஞ்சேனை நிலையத்துக்குப் பக்கத்தில் ஐஸ்கிறீமும் பலூடாவும் விற்கிறவர். சனிக்கிழமை இருவரும் போய்ப் பார்த்தபோது நிலையத்துக் குளிர்சாதனப்பெட்டியின் ஐஸ் வைக்கும் மேல்தட்டு வேலை செய்யவில்லை. ஒன்றரை வருடமாய் இல்லை. திருத்தித் தரும்படி பிரியந்தனுக்கு மூன்று கடிதம் போயிருந்தது, பதில் இல்லை. அதனால் ஐஸ் பொதிகளைப் பௌஸியின் ஆழ் உறைபெட்டியில் வைத்து எடுத்தார்கள்.

"என்ட பிரீசர் சும்மா சாமான் இல்ல தங்கச்சி," என்றார் பௌஸி, நெஞ்சை நிமிர்த்தி. "உங்கட வீட்டுப் பிரிட்ஜ் மாதிரி நினைக்காதீங்க. கையை வெச்சா தோல் ஒட்டிக்கொள்ளும். ஐஸ்கிறீம் கல்லா ஈக்கணும்."

"அதுதான் பௌஸி நானா," என்று யோசெப்பின் சிரித்தாள். "உங்கட ஐஸ்கிறீம் கல்லு, எங்கட ரத்தம் தண்ணி."

அந்தப் பொதிமேல் ஒட்டிக் கிடந்த இரத்தம் ஓரத்தில் ஐஸாய் உறைந்து, அணுக்கள் உடைந்து வந்திருக்கிறது. ஜூலை முதலாம் திகதியிலிருந்து கொட்டாஞ்சேனையில் மூன்று காரியம் நடந்தது. பொதியை வெளியே எடுத்துக் கால் மணித்தியாலம் வைத்துப் பிறகு பெட்டியில் போடுவது. பொதிக்கும் டியூப்புக்கும் நடுவில் மடித்த துவாய். டியூப்பைப் படுக்கவிடாமல் தட்டில் நிமிர்த்தி நிறுத்தி, கட்டிபடவேண்டிய இரத்தத்தை அரை மணித்தியாலம் கட்டிபடவிட்டே அனுப்புவது. துவாய்கூட யோசெப்பின் வீட்டிலிருந்து கொண்டுவந்ததுதான். பூப்போட்ட பழைய துவாய். டிசம்பர் முடிய, ஆயிரத்துக்கு ஒன்பது.

ஜனவரியில் விருது அறிவித்தல் வந்தது. முகாமையாளர் எழுதும் பரிந்துரைக் கடிதம், ஒரு பக்கம். என்ன செய்தார், முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, எவ்வளவு காலத்தில், அதற்கு ஆதாரம் என்ன. அடியில் துறைத் தலைவரின், அதாவது பிரியந்தனின், ஒப்பம். பதினைந்தாம் திகதி கடைசி.

அருந்ததிக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை, மகிழ்ச்சியில். 'முன்பு எவ்வளவு' என்று ஒரு கட்டம். அதற்குள் முப்பத்தொன்று என்று எழுதினால் போதும். ஆறு என்று வருடக்கணக்காய்ச் சொன்னவனின் பெயரைச் சொல்லவே தேவையில்லை. மரம் பழுத்துவிட்டது.

எழுதி எடுத்துக்கொண்டு பிரியந்தனின் அறைக்குப் போனாள். அவன் முதல் பந்தியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான்.

"முப்பத்தொண்டா? ஆறெல்லோ?"

"பதிவேட்டில முப்பத்தொண்டு."

"பதிவேட்டை விடும். அவள் எழுதின முப்பத்தொண்டைப் பிழையெண்டு அப்பவே திருத்தி அனுப்பிப் போட்டன். தலைமையகத்திட்ட இருக்கிறது ஆறு. ஆறைப் போடும்."

"ஆறைப் போட்டால், அவள் வந்து ஒன்பதாகிப் போச்சு. கூட்டினவளுக்கு விருது குடுக்கிறதோ மச்சான்?"

அவன் கொஞ்சம் சிரித்தான். "அப்ப இலக்கம் ஏன்? நல்ல பிள்ளை, பாடுபடுகிறவள், புன்னகையோட இருப்பாள் எண்டு எழுதும். நான் உமக்கு எழுதின மாதிரி."

அருந்ததியின் காதுக்குள் வடை பொரிகிற சத்தம் கேட்டது.

"இன்னொண்டு," என்றான் அவன், மேசை இழுப்பறையைத் தட்டி. "அவளின்ர நிரந்தர நியமனக் கடிதம் இதுக்குள்ளதான் கிடக்குது. இந்த மாசம் நான் கையெழுத்து வைக்கோணும். வைக்காட்டில் வீட்டுக்குத்தான். அவளின்ர தாய் வருத்தக்காரியாமே? யோசிச்சு எழுதும் மச்சாள்."

இறங்கி வந்தவள் யோசெப்பினைப் பதிவேட்டு அறைக்குள் கூப்பிட்டாள். கடிதத்தைக் கொடுத்தாள். இழுப்பறைக் கதையையும் ஒளிக்காமல் சொன்னாள். யோசெப்பின் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள்.

"மிஸ், கேட்டா கோவிக்க மாட்டீங்களா?"

"கேளும்."

"இந்தக் கடிதம் எனக்கா, அவருக்கா?"

கடிதத்தை வாங்க அருந்ததி நீட்டிய கைக்கு யோசெப்பின் அதைக் கொடுக்கவில்லை.

"இதில கடைசிப் பந்தியில என்ர பேரே இல்ல. 'உண்மையை எழுதியதற்காக இடமாற்றப்பட்டார்', 'குளிர்சாதனப்பெட்டியைத் திருத்தக் கேட்ட மூன்று கடிதங்கள் குப்பையில் போடப்பட்டன' எண்டு அவரைத்தான் போட்டுத் தாக்கியிருக்கு. என்னைக் கத்தியாப் பாவிக்கிறீங்க. பாவியுங்க, எனக்கும் அந்த ஆளில கோவம்தான். ஆனாக் கத்தியிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்." பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்: "மார்ச்சிலயே தெரியுந்தானே மிஸ், ஆறு பொய் எண்டு?"

"தெரியும்."

"அப்ப மேல எழுதியிருந்தா அந்தப் பிரிட்ஜாவது அப்பயே வந்திருக்கும். நாங்க ஜூன் முடியத்தான் கண்டுபிடிச்சம். நாலு மாசத்தில எத்தின பேருக்குத் திரும்பக் குத்தினம்? எங்கம்மாவுக்கு மே மாசம் ரெண்டு தரம்."

பழியை நெஞ்சில் வளர்த்தவர்களுக்குத் தெரியும், அதற்குத் தீனி போடுவது எப்போதும் நாம் மட்டும் அல்ல என்று. பக்கத்து வீட்டுக்காரியின் கோழியும் அதன் வாயில் போகும். அருந்ததி பதிவேட்டின் மட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள். மன்னிப்பு என்ற சொல் அவளுடைய குடும்பத்தில் யாருக்கும் லேசில் வாயில் வராது. தகப்பனுக்கும் வந்ததில்லை, மாமிக்கும் வராது. "அம்மாவிட்டச் சொல்லும், நான் வந்து பாக்கிறன் எண்டு," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

"வாங்க. பருப்பும் கருவாடும்தான் கிடைக்கும்." யோசெப்பின் பேனையை எடுத்தாள். "இப்ப இதைத் திருத்துவம். கோவத்த எடுங்க மிஸ். நம்பர வைங்க. கோவம் தெரிஞ்சா, குடும்பச் சண்டை எண்டு ஒதுக்கிப் போடுவாங்க."

கடைசிப் பந்தி முழுதும் வெட்டுப்பட்டது. ஆங்கிலத்தில்தான் கடிதம்; தமிழில் சொன்னால் அதன் நடுப்பகுதி இப்படி:

"கொட்டாஞ்சேனை நிலையத்திலிருந்து கடந்த ஜனவரி முதல் ஜூன் வரை வந்த 11,400 குழாய்களில் 353 பழுதாகி நிராகரிக்கப்பட்டன, ஆயிரத்துக்கு 31. செல்வி யோசெப்பின் மூன்று கிழமை குழாய்களுக்குக் குறியிட்டு, பழுதான 38இல் 33 ஐஸ் பொதியைத் தொட்டவை என்று காட்டினார். பொதி வைக்கும் முறையையும் குழாய் நிறுத்தும் முறையையும் அவரே எழுதி, நிலையத்து இரண்டு ஊழியருக்கும் பழக்கினார். ஜூலை முதல் டிசம்பர் வரை அதே எண்ணிக்கையான 11,400 குழாய்களில் 103 பழுது, ஆயிரத்துக்கு 9. ஆறு மாதத்தில் 250 குழாய்கள் தப்பின. அத்தனை தடவை இரண்டாவது ஊசி தவிர்க்கப்பட்டது. மற்ற நிலையங்களில் இதே காலத்தில் மாற்றம் இல்லை. ஆகவே குறைவு இந்த முறையால் வந்தது என்று கருதுகிறேன். ஆதாரம்: நிராகரிப்புப் பதிவேட்டின் மாத முடிவுப் பக்கங்கள் பன்னிரண்டு, இணைப்பாக."

"பக்கங்களைப் பிரதி எடுக்கட்டா?" என்று எழுந்த யோசெப்பின் ஜனவரிப் பக்கத்தில் விரலை வைத்தபடி நின்றுவிட்டாள். "மிஸ். இங்க பாருங்க."

பக்கத்தின் அடியில் நீல மையில் ஒரு வளைவுக் கையெழுத்து. பக்கத்தில் 'பார்வையிட்டேன்.' பெப்ரவரியிலும் அது. மார்ச்சிலும் அது. அங்கீகாரச் சான்றுக்குச் செயற்பாட்டுத் தலைவர் மாதம் ஒருமுறை பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும் என்பது விதி. பிரியந்தன் வைப்பான். பக்கத்தைத் திருப்புவான், வைப்பான், திருப்புவான், வைப்பான். கைபேசியில் கதைத்துக்கொண்டே வைப்பான். ஒரு பக்கத்தையும் படித்தவன் இல்லை. ஆயிரத்துக்கு முப்பது, முப்பத்திரண்டு என்று மேலே சிவப்பில் எழுதியிருக்க, கீழே அவன் கை.

அருந்ததி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெட்டிய பந்தி அவளுக்கு இனி வேண்டியிருக்கவில்லை.

பதினான்காம் திகதி மறுபடி மேலே போனாள். கடிதம் மேலே, பன்னிரண்டு பக்கமும் பின்னால் குத்தியபடி. பிரியந்தன் முதல் பக்கத்தைப் பார்த்தான். முகம் கறுத்தது.

"சொன்னதைக் கேக்கேல்லை என்ன?"

"உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் ஒப்பம் வைக்கவேண்டாம் மச்சான்," என்றாள் அருந்ததி, தேன் வடியும் குரலில். "கீழ கட்டம் இருக்குது. மறுத்தால் காரணத்தை எழுதவேணும் எண்டு படிவத்தில போட்டிருக்கு. உங்கட கையாலயே எழுதி விடுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அவன் பேனையை எடுத்தான். பக்கத்தைப் புரட்டியிருந்தால் தப்பியிருப்பான். அவன்தான் ஒருநாளும் புரட்டாத ஆளாயிற்றே. எழுதினான்: 'தரவு பிழை. நிறுவன அறிக்கையின்படி முன்னைய வீதம் ஆயிரத்துக்கு ஆறு. இதனை விட அதிகம் எக்காலத்திலும் பதிவாகவில்லை.' கீழே அந்த நீல வளைவுக் கையெழுத்து, வாலை நீட்டி.

"கொண்டுபோம்," என்றான். "நியமனக் கடிதத்தையும் மறந்துவிடச் சொல்லும் அவளை."

"சரி மச்சான்."

படி இறங்கும்போது அருந்ததிக்குச் சிரிப்பு வந்து நடுப்படியில் இருந்துவிட்டாள். அடக்க முடியவில்லை. ஆறு வருடத்துச் சிரிப்பு.

மறுப்பு எழுதிய கடிதமும் தலைமையகத்துக்குப் போகவேண்டும் என்பது விதி. அங்கே குழு நான்கு பேர். அவர்களில் ஒருவர் கணக்காய்வில் இருந்தவர். கடிதத்தைப் படித்தார், மறுப்பைப் படித்தார், இணைப்பைத் திருப்பினார். ஒரே கையெழுத்து. ஒரு பக்கத்தில் முப்பத்தொன்று பார்வையிட்டேன் என்கிறது, மறுபக்கத்தில் எக்காலத்திலும் இல்லை என்கிறது. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் இரண்டு பேர் கொட்டாஞ்சேனையில் வந்து இறங்கி 'புது வருகை'களை ஒவ்வொன்றாய் எடுத்துப் பழைய பெயர்களோடு பொருத்தினார்கள். பௌஸி அவர்களுக்கும் பலூடா கொடுத்து உறைபெட்டியின் பெருமையைச் சொன்னாராம்.

வெற்றிக்கும் ஒரு விலை இருந்தது. விசாரணை முடியும்வரை கொட்டாஞ்சேனை இலக்கம் ஒன்றையும் பாவிக்கக்கூடாது, யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவும் கூடாது என்று குழு சொல்லிவிட்டது. பெப்ரவரியில் பெரிய ஹோட்டலில் விருது விழா நடந்தது. மேடையில் வேறு ஒருவர் ஏறினார். அருந்ததியும் யோசெப்பினும் பின்வரிசையில் இருந்து கைதட்டினார்கள். அருந்ததியின் கை தட்டும்போதே மனம் குத்தியது. மேடையை அவளிடமிருந்து பறித்தவர்களில் தானும் ஒருத்தி என்று தெரியும்.

"என்னத்துக்கு மிஸ் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள் யோசெப்பின். "கோழிப் பொரியல் நல்லா இருக்கு. சாப்பிடுங்க."

மார்ச்சில் விசாரணை முடிந்தது. முப்பத்தொன்றும் உண்மை, ஒன்பதும் உண்மை என்று எழுதிக் கொடுத்தார்கள். பிரியந்தனின் செயற்பாட்டுத் தலைவர் கதிரை போனது. அவனை மருந்துப் பொருள் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள், பேலியகொடையில். அங்கே ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, எண்ணி, பார்த்தபிறகுதான் கையெழுத்து வைக்கலாம். அந்த உத்தரவைக் கேட்டபோது அருந்ததி ஒரு கற்பூரம் ஏற்றினாள், வெள்ளவத்தைப் பிள்ளையாருக்கு.

அன்று பின்னேரம் புவனேஸ்வரி மாமி தொலைபேசி எடுத்தாள்.

"குடும்பத்தை அறுத்துப் போட்டாயடி. கொப்பன் இருந்திருந்தால் இதைச் செய்வியே? ஆரோ ஒரு கொட்டாஞ்சேனைக்காரிக்காக உன்ர சொந்த ரத்தத்தை..."

"மாமி," என்றாள் அருந்ததி. "நான் ஒரு கேள்வி கேக்கிறன். இருபத்தாறை ஒன்பதாக்கினது ஆர்?"

அருந்ததி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"சொல்லுங்கோ மாமி. சாமத்திய வீட்டில சபையில சொன்னியளே. இப்பவும் சொல்லுங்கோ."

மாமி வைத்துவிட்டாள். வைகாசியில் மாமியின் இளைய மகனின் கலியாணத்துக்கு அருந்ததிக்குச் சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. கலியாணத்தன்று கொட்டாஞ்சேனைக்குப் போய், யோசெப்பினின் தாயின் அருகில் இருந்து பருப்பும் கருவாடும் சாப்பிட்டாள். தாய் கையை நீட்டிக் காட்டினாள். சேலைத் தலைப்பு விலகியிருந்தது. முழங்கையில் ஒரே ஒரு சின்னப் பஞ்சு.

"இந்த மாசம் ஒருக்காத்தான் குத்தினாங்க," என்றாள் கிழவி. "நீங்கதானாமே அந்தக் கடிதம் எழுதினது?"

"நான் எழுதினன். திருத்தினது உங்கட மகள்."

விருது ஏப்ரலிலேயே வந்திருந்தது. மேடை இல்லை, மாலை இல்லை. புதிய செயற்பாட்டுத் தலைவி ஒரு மேசைக்கு மேலால் விருதுச் சட்டத்தை நீட்டினாள். கூடவே இழுப்பறையில் கிடந்த நியமனக் கடிதத்தையும் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். சட்டத்தில் யோசெப்பினின் பெயருக்குக் கீழ் ஒரே வரி: முப்பத்தொன்றிலிருந்து ஒன்பது. யோசெப்பின் அதைத் தாயின் கட்டில் தலைமாட்டில் ஆணி அடித்து மாட்டினாள். தன் வீட்டுச் சட்டத்தின் கதையைச் சொல்லி, சுடுசட்டி வைக்க இதையும் கொடுப்பீர்களா என்று அருந்ததி கேட்டதற்கு, "உங்கடதைக் கொண்டாங்க, கழுவித் தாறன்," என்றாள்.

யோசெப்பின் இப்போது கொட்டாஞ்சேனை நிலையத்தின் பொறுப்பாளர். காலை ஆறரைக்கு அவள்தான் கதவைத் திறக்கிறாள்.